நீண்ட பயிற்சியும் டைப் 1 நீரிழிவும்: சர்க்கரையை எப்போது, எப்படிப் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைப் 1 நீரிழிவோடு நெடுந்தூரம் ஓடுபவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் நீந்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும் பயிற்சியை மனதில் வைத்து எழுதியது. எல்லாச் சர்க்கரை அளவுகளும் மி.கி./டெ.லி. கணக்கில் உள்ளன. உங்கள் கருவி மில்லிமோலில் காட்டினால் இங்குள்ள எண்ணை 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் அளவை மாற்றுவது பற்றி வரும் இடங்களில் உள்ள எண்கள் பேச்சைத் தொடங்குவதற்கானவை. உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

1. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்தா போதாதா?

போதாது. ஒரு எண் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் சொல்லும். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று சொல்லாது. ஒரு மணி நேரம் முன்பு, அரை மணி முன்பு, கிளம்பும் தறுவாயில் என மூன்று முறை பாருங்கள்.

மூன்று முறையும் 130, 132, 129 என்று வந்தால் அது நிலையாக நிற்கும் 129. அதுவே 175, 150, 129 என்று வந்தால், அரை மணிக்கு இருபதுக்கு மேல் சரிந்துகொண்டிருக்கும் 129. கடைசி எண் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது ஆள் எதுவும் சாப்பிடாமல் ஓடத் தொடங்கினால் அரை மணிக்குள் சிக்கலில் மாட்டுவார். சென்சார் அணிந்திருப்பவர்களுக்கு இந்த வேலையை அம்புக்குறியும் வரைபடமும் செய்துவிடும். இருந்தாலும் கிளம்பும்போது விரல் நுனியில் ஒருமுறை குத்திப் பார்ப்பது நல்லது. சென்சார் அன்று எவ்வளவு விலகி நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

2. எவ்வளவு இருந்தா கிளம்பலாம்?

நிதானமான வேகத்தில் நீண்ட பயிற்சி என்றால் 126 முதல் 180 வரை வசதியான இடம். 90 முதல் 125 வரை இருந்தால் 10 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொண்டு கிளம்பலாம். அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தால் 20 கிராம். 90க்குக் கீழே இருந்தால் கிளம்ப வேண்டாம். 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் எடுத்து, எண் 90ஐத் தாண்டி ஏறுவதைப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

180க்கு மேல் 270 வரை இருந்தால் பெரும்பாலும் ஓடலாம். ஓட ஓடத் தானாகவே இறங்கும். அதைக் குறைக்க உடனே இன்சுலின் போட்டுவிட்டு ஓடுவதுதான் ஆபத்து. காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது. 270க்கு மேல் இருந்தால் கதை வேறு. அதற்கு 9ஆம் கேள்வியைப் பாருங்கள்.

3. போன வாரமும் 140, இந்த வாரமும் 140. போன வாரம் நல்லா ஓடினேன், இந்த வாரம் இருபதாவது நிமிஷமே லோ ஆயிடுச்சு. ஏன்?

பெரும்பாலும் உடலில் மிச்சம் இருந்த இன்சுலின்தான் காரணம். நீரிழிவு இல்லாதவர் ஓடத் தொடங்கினால் அவருடைய கணையம் இன்சுலின் சுரப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். ஈரல் குளுக்கோஸை வெளியே விடும், தசை எடுத்துக்கொள்ளும், கணக்கு சரியாகிவிடும். ஊசியில் போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க வழியில்லை. அது ஈரலின் கையைக் கட்டிப்போடுகிறது. அதே நேரத்தில் வேலை செய்யும் தசையோ இன்சுலின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை இழுக்கிறது. போதாததற்கு, ஓடும்போது ரத்த ஓட்டம் கூடுவதால் தோலடியில் இருக்கும் இன்சுலினும் வேகமாக உறிஞ்சப்படலாம்.

உணவுக்குப் போடும் விரைவு இன்சுலின் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். முழுதாக அடங்க மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே சாப்பிட்டு ஒன்றரை மணி கழித்து வரும் 140, வெறும் வயிற்றில் விடியற்காலை வரும் 140, இரண்டும் ஒன்றல்ல. சர்க்கரையைக் குறித்து வைக்கும்போதே ‘கடைசி ஊசி எப்போது, எத்தனை யூனிட்’ என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். பாதி மர்மம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பயிற்சிக்கு முந்தைய மூன்று மணி நேரத்துக்குள் சாப்பிட்டால், அந்த உணவுக்கான இன்சுலினை நீளத்தையும் வேகத்தையும் பொறுத்து 25 முதல் 75 சதவீதம் வரை குறைப்பது வழக்கம். பம்ப் வைத்திருப்பவர்கள் அடிப்படை இன்சுலினைக் கிளம்பும் நேரத்தில் குறைத்துப் பயனில்லை. குறைத்ததன் விளைவு ரத்தத்தில் தெரிய ஒரு மணிக்கு மேல் ஆகும். 60 முதல் 90 நிமிடம் முன்பே 50 முதல் 80 சதவீதம் வரை குறைக்க வேண்டும். இப்படிக் குறைத்த நாட்களில் முதல் பதிலில் சொன்ன மூன்று சோதனைகளில் எண் சற்று ஏறுமுகமாக இருந்தால் பதற வேண்டாம். அது எதிர்பார்த்ததுதான்.

4. ஓடும்போது எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்?

விரல் சோதனை மட்டும் என்றால் அரை மணிக்கு ஒருமுறை. சென்சார் என்றால் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தில் ஒரு பார்வை. முதல் ஒரு மணி நேரத்தில் இதைத் தளர்த்தாதீர்கள். உணவு இன்சுலினின் மிச்சமும் தசையின் இழுப்பும் ஒன்றுசேர்வது அப்போதுதான்.

ஒரே பாதை, ஒரே வேகம், ஒரே உணவு என்று பல வாரம் செய்து, எண்கள் ஒரே மாதிரி வந்திருந்தால் இரண்டாம் மணியிலிருந்து விரல் சோதனையை 45 நிமிடத்துக்குத் தள்ளலாம். வெயில், குளிர், மேடு, புது இன்சுலின், தூக்கமில்லாத இரவு என ஏதாவது ஒன்று மாறினாலும் மறுபடி அரை மணிக்கு வந்துவிடுங்கள்.

பார்க்கும் நேரத்தைச் சாப்பிடும் நேரத்தோடு கட்டிவிடுங்கள். ஜெல்லைப் பிரிப்பதற்கு முன் எண்ணைப் பாருங்கள். சாப்பிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அது சாப்பிட்டதன் பலனும் இல்லை, சாப்பிடாத நிலையும் இல்லை. நீந்துபவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. சென்சாரின் சிக்னல் நீருக்குள் பயணிக்காது. திறந்த நீரில் போகிறவர்கள் அரை மணிக்கு ஒருமுறை நின்று பார்க்கும்படி திட்டமிட வேண்டும். ஜெல்லை மிதவையில் கட்டி எடுத்துப் போக வேண்டும். கரையிலோ படகிலோ ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும்.

5. சென்சார் 95ன்னு காட்டுது, ஆனா கை நடுங்குது. எதை நம்புறது?

கையை நம்புங்கள். நின்று, குளுக்கோஸ் எடுத்துவிட்டு, அதன் பிறகு விரலில் குத்திப் பாருங்கள்.

சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலடித் திரவத்தை அளக்கிறது. சும்மா இருக்கும்போது அது ரத்தத்துக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் பின்தங்கி வரும். உடற்பயிற்சியில், அதுவும் எண் வேகமாக இறங்கும்போது, இந்த இடைவெளி கால் மணி, சில வேளை இருபது நிமிடம் வரைகூட நீளலாம். சாய்ந்த கீழ் அம்பு என்றால் பரவலாகப் பயன்படும் சென்சார்களில் நிமிடத்துக்கு 1 முதல் 2 வரை இறங்குகிறது என்று பொருள். நேர் கீழ் அம்பு என்றால் 2க்கு மேல். நிமிடத்துக்கு 2 வீதம் இறங்கும்போது 15 நிமிடம் பின்தங்கினால் வித்தியாசம் 30. திரையில் 95, ரத்தத்தில் 65. நடுக்கம் சரியாகத்தான் சொல்கிறது.

அதனால் சென்சாரின் கீழ்மட்ட எச்சரிக்கை ஒலியை வழக்கமான 70ல் விடாமல், பயிற்சி நேரத்துக்கு மட்டும் 100க்கு உயர்த்தி வையுங்கள். இதே தாமதம் மறுபக்கமும் ஏமாற்றும். நீங்கள் சாப்பிட்டு ரத்தத்தில் எண் ஏறிய பிறகும் திரை சிறிது நேரம் 68, 66 என்று இறங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் மேலும் சாப்பிட்டு, ஒரு மணி கழித்து 280ல் நிற்பவர்கள் நிறைய. லோ சரியாகிவிட்டதா என்பதை விரல் சோதனையால் மட்டும் முடிவு செய்யுங்கள்.

6. அப்போ விரல் சோதனைன்னா கண்ணை மூடிட்டு நம்பலாமா?

கை சுத்தமாக இருந்தால் நம்பலாம். ஓட்டத்தின் நடுவே கை சுத்தமாக இருப்பதே அரிது. விரலில் ஒட்டிய ஜெல்லோ இனிப்பு பானமோ துளி ரத்தத்தோடு கலந்தால், 70 இருக்க வேண்டிய இடத்தில் 200 காட்டும். இது மிக மோசமான பிழை. லோவில் இருப்பவர் இன்சுலின் போட்டுக்கொள்ளும் அளவுக்குக் கொண்டுபோய் விடும். வியர்வை ரத்தத்தை நீர்க்கச் செய்து எண்ணைக் குறைத்தும் காட்டலாம்.

தண்ணீர் ஊற்றி விரலைக் கழுவி, சட்டையின் காய்ந்த பகுதியிலோ துணியிலோ நன்றாகத் துடையுங்கள். கழுவ வழியில்லை என்றால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாம் துளியை வையுங்கள். ஜெல்லை ஒரு கையால் பிடித்துச் சாப்பிட்டு, மறு கையின் விரலில் குத்துவது நல்ல பழக்கம். கடுங்குளிரிலும் கொளுத்தும் வெயிலிலும் மீட்டர் வெப்பநிலை எச்சரிக்கை காட்டி வேலை செய்ய மறுக்கும். குளிர் நாளில் மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் உடலை ஒட்டிய உள்பையில் வையுங்கள். முன்பு வந்த எண்ணோடு கொஞ்சமும் ஒட்டாத எண் வந்தால், எதுவும் செய்வதற்கு முன் வேறு விரலைத் துடைத்து மறுபடி பாருங்கள்.

7. நடுவுல லோ வந்தா சாப்பிட்டுக்கிட்டே மெதுவா ஓடலாமா?

70க்குக் கீழே போனால் நிற்க வேண்டும். 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து விரலில் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. 90ஐத் தாண்டி நிலையாக நின்ற பிறகே தொடருங்கள். 54க்குக் கீழே போயிருந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது, எண் எவ்வளவு அழகாக ஏறி வந்தாலும் சரி.

சாக்லேட் போன்ற கொழுப்பு கலந்த இனிப்பு இதற்கு உதவாது, ஏற நேரமாகும். குளுக்கோஸ் மாத்திரை அல்லது ஜெல் வைத்துக்கொள்ளுங்கள். திட்டமிட்ட உணவுக்கு மேல் குறைந்தது 40 கிராம் அவசரத்துக்கென்று தனிப் பையில் இருக்கட்டும். பசித்தால் எடுக்கக்கூடாத பை அது. உடன் வருபவர்களிடம் குளுக்ககான் ஊசி இருந்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது ஈரலின் சேமிப்பை வெளியே தள்ளித்தான் வேலை செய்கிறது. மூன்று மணி நேரம் ஓடி ஈரல் காலியாகியிருந்தால் அதன் பலன் குறையலாம்.

8. இதையெல்லாம் சேர்த்து ஒரு மூணு மணி நேர ஓட்டத்துக்கு எப்படி இருக்கும்னு காட்ட முடியுமா?

ஒரு மாதிரிக் கணக்கு. காலை 6.30க்கு நிதான ஓட்டம். 5 மணிக்கு 60 கிராம் மாவுச்சத்துள்ள உணவு. இவருக்கு 10 கிராமுக்கு ஒரு யூனிட் கணக்கு, ஆகவே வழக்கமாக 6 யூனிட். இன்று பாதி, 3 யூனிட். 5.30க்கு 150, 6 மணிக்கு 172, 6.25க்கு 168. ஏறி, நின்று, திரும்பப் பார்க்கிறது. எண் வசதியான வரம்புக்குள் இருக்கிறது, ஆனால் இன்சுலின் உச்சத்தில் இருக்கிறது. சாப்பிடாமல் கிளம்பலாம், முதல் அரை மணி சோதனையைத் தவறவிடக்கூடாது.

7 மணிக்கு விரலில் 139. அரை மணியில் 29 இறங்கியிருக்கிறது, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1. இப்படியே விட்டால் 7.30க்கு 110, 8 மணிக்கு 80. 139 என்ற எண்ணைப் பார்த்து ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தள்ளிப்போடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. இவர் உடனே 25 கிராம் ஜெல் எடுக்கிறார். 7.20க்கு சென்சார் 126, சாய்ந்த கீழ் அம்பு. தாமதத்தைக் கழித்தால் 115 பக்கம் இருக்கும். 7.30க்கு விரலில் 118. இறக்கம் தணிந்திருக்கிறது, நிற்கவில்லை. 20 கிராம். 8 மணிக்கு 121. இப்போது உணவு இன்சுலின் போட்டு மூன்று மணி நேரம், பெரும்பகுதி அடங்கிவிட்டது. இனி அரை மணிக்கு 15 கிராம் வீதம் 8, 8.30, 9 மணிக்கு. எண்கள் 127, 134 என்று மெல்ல ஏறி, 9.30க்கு 131ல் முடிகிறது.

மொத்தம் 90 கிராம், மணிக்கு 30 கிராம். சர்க்கரையை நிறுத்திப் பிடிக்க இது போதுமானது. போட்டி வேகத்துக்கு மணிக்கு 60 அல்லது அதற்கு மேலும் தேவைப்படும். அதற்கு இன்சுலின் கணக்கையும் மாற்ற வேண்டும். இவர் அடுத்த முறைக்கு எழுதிக்கொள்ள வேண்டியது ஒன்றே: பாதி இன்சுலினில் முதல் அரை மணி இறக்கம் 29. அது 60 ஆக இருந்திருந்தால், அடுத்த வாரம் ஜெல்லைக் கூட்டுவதைவிட உணவு இன்சுலினை இன்னும் குறைப்பது பற்றி மருத்துவரிடம் பேசுவதே சரி. ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

9. கிளம்பும்போதே 290. ஓடினா தானா இறங்காதா?

ஏன் 290 என்பதைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் முன்பு சாப்பிட்டதால் ஏறியது என்றால் இறங்கும். உடலில் இன்சுலினே போதாமல் ஏறியிருந்தால், ஓட ஓட மேலும் ஏறும், கூடவே கீட்டோனும் ஏறும். எண்ணைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ரத்தக் கீட்டோன் மீட்டரால் முடியும். அது மில்லிமோல் கணக்கில் காட்டும். 0.6க்குக் கீழே என்றால் மெதுவாகத் தொடங்கி 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். 0.6 முதல் 1.4 வரை என்றால் முதலில் காரணத்தைச் சரிசெய்யுங்கள். 1.5 அல்லது அதற்கு மேல் என்றால் ஓடக்கூடாது, மருத்துவர் சொல்லி வைத்தபடி இன்சுலின் எடுக்க வேண்டும். 3ஐத் தொட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பம்ப் அணிபவர்கள் முதலில் ஊசிக்குழாயைப் பாருங்கள். வியர்வையில் ஒட்டுப்பட்டை கழன்று, குழாய் மடங்கி, இன்சுலின் சட்டையில் ஊறிக்கொண்டிருக்கலாம். இன்சுலின் வாசனை அடித்தால் சந்தேகமே வேண்டாம். அடிப்படை ஊசி அவர்களுக்குக் கிடையாது என்பதால், குழாய் வேலை செய்யாவிட்டால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறத் தொடங்கும்.

10. வேகப் பயிற்சி முடிச்சா மட்டும் சர்க்கரை ஏறுது. இன்சுலின் போடலாமா?

அவசரப்பட வேண்டாம். கடும் வேகத்தில் அட்ரினலின் சுரந்து, தசை எடுப்பதைவிட அதிகமாக ஈரல் குளுக்கோஸை வெளியே தள்ளுகிறது. போட்டி நாளின் பதற்றமும் இதையே செய்யும். முடித்த பிறகு நிதானமாக 10, 15 நிமிடம் நடந்து, அரை மணி கழித்தும் ஒரு மணி கழித்தும் பாருங்கள். பலருக்கு அதற்குள் தானாக இறங்கத் தொடங்கிவிடும். அப்போதும் உயரத்திலேயே நின்றால், திருத்த இன்சுலினை வழக்கத்தில் பாதியாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. முழு அளவு போட்டால் அடுத்த கேள்வியில் வரும் நேரத்தோடு மோதும்.

11. பயிற்சி முடிஞ்சதும் 130. அதுக்கப்புறம் எப்போ பார்க்கணும்? ராத்திரி எழுந்திருக்கணுமா?

முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு ஒவ்வொரு உணவுக்கு முன்பும், படுக்கும் முன்பும். தசை இழந்த சேமிப்பை நிரப்பிக்கொள்ளும் வேலை பல மணி நேரம் நடக்கும். பயிற்சிக்குப் பிந்தைய முதல் உணவுக்கான இன்சுலினைப் பாதி வரை குறைப்பவர்கள் உண்டு. குறைத்தால் சாப்பிட்டு இரண்டு மணி கழித்தும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

மதியத்திலோ மாலையிலோ நீண்ட பயிற்சி செய்த நாளில் இரவு எழுந்து பார்ப்பது அவசியம். உடலின் குளுக்கோஸ் தேவை பயிற்சி முடிந்த உடனே ஒருமுறை கூடும், பின்பு 7 முதல் 11 மணி நேரம் கழித்து மறுபடி கூடும். மாலை 5 மணிக்கு முடித்தால் அந்த இரண்டாம் அலை நள்ளிரவு 12க்கும் விடியற்காலை 4க்கும் இடையே வரும், நீங்கள் அயர்ந்து தூங்கும் நேரத்தில். அலாரத்தை 2 மணிக்கு வையுங்கள், அல்லது சென்சாரின் எச்சரிக்கையை 80க்கு உயர்த்துங்கள். ஊசி போடுபவர்கள் அன்றிரவு அடிப்படை இன்சுலினை 20 சதவீதம் அளவு குறைப்பது உண்டு. பம்ப் என்றால் படுத்ததிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு அதே அளவு குறைக்கலாம். அன்று மது அருந்தியிருந்தால் ஈரலின் உதவி இன்னும் குறையும். தனியாகப் படுக்க வேண்டாம்.

ஒரு சின்னக் குறிப்பு: சென்சார் இருக்கும் பக்கம் அழுந்தப் படுத்தால், அது திடீரென்று பொய்யான லோ காட்டும். வரைபடம் செங்குத்தாக விழுந்து, புரண்டு படுத்ததும் செங்குத்தாக எழும். விரலில் குத்தினால் உண்மை தெரிந்துவிடும்.

12. நேத்து ராத்திரி 52க்குப் போயிட்டேன். இப்போ 150. இன்னைக்கு ஓடலாமா?

52 நீங்களே சாப்பிட்டுச் சரிசெய்தது என்றால், சூழ்நிலையைப் பொறுத்து ஓடலாம். ஆனால் உங்கள் உடலின் எச்சரிக்கை மணி இன்று பாதி ஊமையாக இருக்கும். ஒருமுறை லோ வந்தால், அடுத்த நாள் சர்க்கரை இறங்கும்போது அட்ரினலின் முதலான எதிர்ப்பு ஹார்மோன்கள் குறைவாகவே சுரக்கும். நடுக்கம், படபடப்பு எல்லாம் தாமதமாக வரும், அல்லது வராமலே போகும். 5ஆம் கேள்வியில் கையை நம்பச் சொன்னது இன்று செல்லாது. சென்சார் இருந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை கட்டாயம் விரலில் பாருங்கள். தூரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் குறையுங்கள், துணையோடு போங்கள். நீச்சலும், இறக்கச் சாலையில் சைக்கிளும் இன்று வேண்டாம்.

நேற்று மயங்கியோ, பிறர் உதவி தேவைப்பட்டோ மீண்டிருந்தால் 24 மணி நேரத்துக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. இப்போது 150 காட்டுவதால் அது மாறாது.